34 மார்க் பேப்பரை எப்படிப் படிக்கணும்?

கேள்வி: சார், நான் திருவொற்றியூர். மெக்கானிக்கல் மூணாவது வருஷம், 2021 ரெகுலேஷன். நாலாவது செம்ல ஸ்ட்ரெந்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் அரியர் விழுந்துடுச்சு. ஃபோட்டோகாப்பி வாங்கிப் பார்த்தேன், 34 போட்டிருக்காங்க. இன்டெர்னல் 31. ரெண்டையும் கணக்குப் போட்டா 51 வருது, அப்புறம் எப்படி ஃபெயில்? அஞ்சு யூனிட்டும் படிச்சிட்டுதான் போனேன். இப்ப மறுபடி முதல்லேருந்து படிக்கணுமா, ரீவேல்யுவேஷன் போடலாமா? பெரம்பூர்ல ஒரு ட்யூஷன் சென்டர்ல முழு பேப்பரும் எடுக்கறேன்னு சொல்றாங்க, வீட்ல ஃபீஸ் கேக்கவே சங்கடமா இருக்கு. ஃபோட்டோகாப்பி பக்கங்களை ஸ்கேன் பண்ணி அனுப்பியிருக்கேன்.

பதில்:

தம்பி, அந்த 51 கணக்கை முதல்ல முடிச்சிடுவோம். தியரி பேப்பர்ல இன்டெர்னல் 40, எழுதுற பரீட்சை 60. நூத்துக்கு எழுதுன 34ஐ அறுபதுக்கு மாத்தினா 20.4, அதோட 31 சேர்ந்தா 51 தாண்டுது, கணக்கு சரிதான். ஆனா பாஸுக்கு ரெண்டு கண்டிஷன் இருக்கு, மொத்தத்துல 50 வேணும், அதோட எழுதுற பரீட்சையில மட்டும் தனியா 45 சதவீதம் வேணும். உனக்கு ரெண்டாவதுதான் உதைச்சிருக்கு. அதனால உன் டார்கெட் எழுதுற பேப்பர்ல 45, அவ்வளவுதான், இன்னும் 11 மார்க். இதே இன்டெர்னல் 18 வச்சிருக்கற பையனுக்கு 45 எடுத்தாலும் பத்தாது, அவன் 54 வரைக்கும் போகணும். ஃப்ரெண்டோட பிளானை அப்படியே காப்பி அடிக்காதன்னு நான் சொல்றதுக்கு இது ஒரு காரணம்.

இப்ப விஷயத்துக்கு வரேன். நீ போட்டோகாப்பியைப் பார்த்தேன்னு எழுதியிருக்க, ஆனா மார்க்கைத்தான் பார்த்திருக்க, பேப்பரைப் பார்க்கல. உன் பக்கங்களை நான் ரெண்டு தடவை புரட்டினேன். பார்ட் ஏ 9, பதினொண்ணாவது கேள்வி 6, பன்னெண்டு 7, பதிமூணு 2, பதினாலு பூஜ்யம், பதினஞ்சு 7, பதினாறு 3. இதை மேலோட்டமா பார்க்கறவங்க "மூணாவது யூனிட் டார்ஷனும் நாலாவது யூனிட் டிஃப்ளெக்ஷனும் வீக், அதைப் படி"ன்னு சொல்லிட்டுப் போயிடுவாங்க. ட்யூஷன் சென்டர்லயும் அதைத்தான் சொல்லுவாங்க. எனக்கு அப்படித் தோணல. போன 66 மார்க்கும் ஒரே காரணத்தால போகல. தெரியாம போனது கொஞ்சம், தெரிஞ்சும் நடுவுல வழுக்கினது நிறைய, கைக்கு எட்டாமலே போனது அதைவிட நிறைய. இந்த மூணையும் பிரிக்காம மறுபடி முதல் பக்கத்துலேருந்து ஆரம்பிச்சா ஏற்கனவே தெரிஞ்சதைத்தான் திரும்பப் படிச்சிட்டு இருப்ப.

எப்படிப் பிரிக்கறதுன்னு உன் பன்னெண்டாவது கேள்வியை வச்சே காட்டறேன். ஆறு மீட்டர் சிம்ப்ளி சப்போர்ட்டட் பீம், மீட்டருக்கு 10 கிலோ நியூட்டன் யுடிஎல், செக்ஷன் 100 அகலம் 200 ஆழம், மேக்ஸிமம் பெண்டிங் ஸ்ட்ரெஸ் கேட்டிருக்காங்க, ஷியர் ஃபோர்ஸ் பெண்டிங் மொமென்ட் டயகிராமும் சேர்த்து. ஒரு பென்சில் எடுத்துக்கோ. விடையைப் பார்க்காம முதல் வரியிலேருந்து ஒவ்வொரு வரியா "இது சரியா"ன்னு கேட்டுக்கிட்டே இறங்கு, முதல் தப்பு வரி வந்ததும் நின்னுடு. ரியாக்ஷன் ரெண்டு பக்கமும் 30, சரி. ஷியர் டயகிராம் சரி. மேக்ஸிமம் மொமென்ட் wL²/8, 10 × 36 / 8 = 45 கிலோ நியூட்டன் மீட்டர், அதுவும் சரி. ஆனா பெண்டிங் மொமென்ட் டயகிராமை முக்கோணமா போட்டிருக்க. நடுவுல பாயின்ட் லோடு இருந்தாத்தான் முக்கோணம், யுடிஎல்லுக்கு வளைஞ்ச பாரபோலா வரணும். அதுல மார்க் போயிருக்கு. அப்புறம் I = 100 × 200³ / 12, அது 6.67 × 10⁷, சரி. அடுத்த வரியில M = 45 × 10³ நியூட்டன் மில்லிமீட்டர்னு எழுதியிருக்க பாரு, விழுந்தது அங்கதான். கிலோவுக்கு ஒரு ஆயிரம் போட்டுட்ட, மீட்டரை மில்லிமீட்டர் ஆக்கறதுக்கு இன்னொரு ஆயிரம் போடல. 45 × 10⁶ வரணும். ஸ்ட்ரெஸ் 67.5 வரவேண்டிய இடத்துல 0.0675னு எழுதி கட்டம் வேற கட்டிட்ட.

இதுல நீ "பெண்டிங் ஸ்ட்ரெஸ் தெரியல"ன்னு எழுதி வச்சா அது பொய். உனக்குத் தெரிஞ்சிருக்கு, யூனிட் மாத்தறதுலதான் ஓட்டை. மருந்தும் வேற. ரெண்டாவது யூனிட்டை திரும்பப் படிச்சா இந்தத் தப்பு போகாது. சம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி கொடுத்த டேட்டா எல்லாத்தையும் நியூட்டன், மில்லிமீட்டர்ல மாத்தி ஒரு ஓரமா எழுதிட்டு, அப்புறம் ஃபார்முலாவைத் தொடற பழக்கம் வந்தாத்தான் போகும். கடைசியில வர்ற நம்பரை ஒரு செகண்ட் முறைச்சுப் பாரு. மைல்ட் ஸ்டீல் யீல்ட் ஆகறது 250 பக்கம். ஆறு மீட்டர் பீம்ல மொத்தம் 60 கிலோ நியூட்டன், அதாவது ஆறு டன் அளவுக்கு லோடு உக்காந்திருக்கு, ஸ்ட்ரெஸ் 0.07கூட இல்லைன்னா எங்கயோ ஆயிரம் தொலைஞ்சிருக்குன்னு அர்த்தம், உடனே மேல போய் தேடு.

பதினொண்ணாவது கேள்வியிலயும் இதே ரகம்தான். ஸ்டெப்டு பார், 20 மில்லிமீட்டர் டயாமீட்டர், ஏரியா π × 20²னு போட்டு 1257 எடுத்திருக்க. அது ரேடியஸுக்கான ஃபார்முலா. டயாமீட்டர்னா πd²/4, 314தான். அங்கேருந்து கீழே எல்லாமே நாலுல ஒரு பங்கா வந்துடுச்சு. ஸ்டெப் சரியா இருந்ததால திருத்தினவர் 6 குடுத்திருக்கார், அது நியாயமான மார்க்தான். முதல் தப்புக்கு அப்புறம் வர்ற வரிகள் தப்பான நம்பரோட இருந்தாலும் முறை சரியா இருந்தா பொதுவா கொஞ்சம் மார்க் கிடைக்கும், அதனாலதான் ஸ்டெப்பை முழுங்காம எழுதச் சொல்றோம். ஆக பதினொண்ணுலயும் பன்னெண்டுலயும் சேர்ந்து 13 மார்க் போயிருக்கு, அதுல பத்து மார்க்காவது புதுசா ஒண்ணுமே படிக்காம திரும்ப வரும். உனக்கு வேண்டியதே 11தான்னு ஞாபகம் இருக்கட்டும்.

பதிமூணுதான் எனக்கு ரொம்ப வருத்தமா இருந்துச்சு. கேள்வி என்ன? ஒரு ஷாஃப்ட் 200 ஆர்பிஎம்ல 20 கிலோவாட் பவர் கடத்துது, தாங்கற ஷியர் ஸ்ட்ரெஸ் குடுத்திருக்கு, டயாமீட்டர் கண்டுபிடி. நம்ம காசிமேட்டுல போட்டுக்கு அடியில ப்ரொபெல்லரைச் சுத்துற ஷாஃப்ட் இருக்கே, அது எவ்வளவு தடிமன் வேணும்னு கேக்கற மாதிரிதான். நீ என்ன பண்ணியிருக்க, டார்ஷன் ஈக்வேஷனோட டெரிவேஷனை ஒன்றரை பக்கம் படம் போட்டு அசம்ப்ஷனோட எழுதியிருக்க, ரொம்ப அழகா எழுதியிருக்க, அதுக்கு மார்க்கே கிடையாது, யாரும் கேக்கல. அதுக்கு அப்புறம் டார்க் 955 நியூட்டன் மீட்டர்னு கரெக்டா எடுத்துட்டு, அங்கேயே விட்டுட்டு அடுத்த கேள்விக்குப் போயிட்ட. அந்த டார்க்குக்குத்தான் 2 மார்க். இது டார்ஷன் தெரியாததால இல்ல, "டார்ஷன்"ங்கற வார்த்தையைப் பார்த்ததும் மனப்பாடம் பண்ணினது தானா கொட்டியிருக்கு. கேள்வியில கடைசி வாக்கியத்துக்குக் கீழ கோடு போடு, என்ன கண்டுபிடிக்கச் சொல்றாங்கன்னு அங்கதான் இருக்கும். அதை விடைத்தாள்ல முதல் வரியா "கண்டுபிடிக்க வேண்டியது: d"ன்னு எழுதிட்டு ஆரம்பி. இந்த சம்மை வீட்ல முடிக்கும்போது ஒண்ணு கவனி, J எடுக்கற இடத்துல πd⁴/32 போடறியா πd⁴/64 போடறியான்னு. பின்னது பெண்டிங்குக்கு. நிறைய பேர் இதை மாத்திப் போட்டு ஸ்ட்ரெஸ்ஸை டபுள் ஆக்கிடுவாங்க, நீ அந்த வரி வரைக்கும் வரவே இல்லைங்கறதால உனக்கு அந்தத் தப்பு இருக்கான்னு இந்தப் பேப்பரை வச்சு சொல்ல முடியாது.

அடுத்து பூஜ்யம் வாங்கின பதினாலு. எல்லாரும் முதல்ல பயப்படறது இதுக்குத்தான், ஆனா இதுக்குக் காரணம் பதினாலாவது கேள்வியில இல்ல, முதல் பக்கத்துல இருக்கு. விடைத்தாளை நேரக் கணக்கா பாரு. மூணு மணி நேரம், 180 நிமிஷம், 100 மார்க். ஒரு மார்க்குக்கு ரெண்டு நிமிஷம்கூட கிடையாது. ரெண்டு மார்க் கேள்விக்கு நாலு நிமிஷத்துக்குள்ள, பதிமூணு மார்க்குக்கு இருபத்தி மூணு நிமிஷம் பக்கம். உன் பார்ட் ஏ மட்டும் ஒன்பது பக்கம் ஓடுது! பாய்சான்ஸ் ரேஷியோ என்னன்னு கேட்டா ஹூக்ஸ் லா, ஸ்ட்ரெஸ் ஸ்ட்ரெயின் கர்வ் எல்லாம் எழுதி அரைப் பக்கம், கிடைச்சது ரெண்டு. ரெண்டு வரி எழுதியிருந்தாலும் அதே ரெண்டுதான். பார்ட் ஏல நம்பர் கேட்ட ரெண்டு கேள்வியில விடை சரி, யூனிட் எழுதல, ஒவ்வொண்ணுலயும் ஒரு மார்க் போச்சு. பதினாறாவது கேள்வி பக்கத்துல கையெழுத்தே மாறிப் போயிருக்கு, கடைசி பத்து நிமிஷத்துல எழுதினதுன்னு யாருக்கும் தெரியும். பார்ட் ஏவை முப்பத்தஞ்சு நிமிஷத்துல முடிச்சிருந்தா பதினாலையும் பதினாறையும் தொட நேரம் கிடைச்சிருக்கும்.

ஆனா நேரம் இருந்திருந்தா போட்டிருப்பியா? அதை ஊகிக்காத, சோதிச்சுப் பாரு. இந்த வாரம் ஒரு நாள் சாயங்காலம் நோட்டை மூடி வச்சிட்டு பதினாலாவது கேள்வி மாதிரி ஒரு சம் போடு, அதுல இருக்கறது மெக்காலே முறைதான். நான் ஒண்ணு தரேன். ஆறு மீட்டர் சிம்ப்ளி சப்போர்ட்டட் பீம், இடது பக்கத்துலேருந்து ரெண்டு மீட்டர்ல 30 கிலோ நியூட்டன் பாயின்ட் லோடு. முதல் இருபத்தஞ்சு நிமிஷம் நீல பேனா, அதுக்குள்ள முடியலன்னா பேனாவை மாத்தி கருப்புல நேரம் பார்க்காம எழுது. நீலத்துலயே முடிஞ்சா அன்னிக்கு நடந்தது வெறும் நேரப் பிரச்சனை. கருப்புல முடிஞ்சா தெரியும், ஆனா கை பழகல, இந்த மாதிரி நாலஞ்சு சம் போடணும். கருப்புலயும் நின்னுட்டா அப்பத்தான் அது நெஜமாவே தெரியாத பாடம், உக்காந்து படிக்கணும்.

சரியா போட்டா இடது ரியாக்ஷன் 20, வலது 10, ஈக்வேஷன் இப்படி வரும்:

EI y = 20x³/6 − 30(x−2)³/6 + C1·x + C2

x = 0ல y = 0 போட்டா C2 பூஜ்யம், x = 6ல y = 0 போட்டா C1 = −66.67. உனக்கு C2 = −40ன்னு வந்துச்சுன்னா என்ன நடந்திருக்குன்னு இங்கேருந்தே சொல்லிடுவேன், x = 0 போடும்போது (x−2) அடைப்புக்குள்ள மைனஸ் வந்ததையும் சேர்த்துக் கணக்குப் போட்டிருக்க. மெக்காலேல அடைப்புக்குள்ள மைனஸ் வந்தா அந்த உறுப்பை அப்படியே விட்டுடணும், லோடு இருக்கற இடத்துக்கு இந்தப் பக்கம் அந்த லோடு மொமென்ட்ல வராதுங்கறதுதான் அந்த விதியோட அர்த்தம். அடைப்பை விரிச்சு (x−2)³ஐ x³ − 6x² + 12x − 8ன்னு பிரிச்சிருந்தா இன்னும் மோசம், எதை விடறதுன்னே தெரியாம போயிடும், அதனால இன்டெக்ரேட் பண்ணும்போது அடைப்பை முழுசாவே வச்சுக்கோ.

பதினஞ்சு பத்தி அதிகம் சொல்ல ஒண்ணும் இல்ல. தின் சிலிண்டர்ல ஹூப் ஸ்ட்ரெஸ், லாஞ்சிடியூடினல் ஸ்ட்ரெஸ் ரெண்டும் சரி, வால்யூம் எவ்வளவு மாறும்ங்கற பகுதி அடியோட இல்ல. உன் பேப்பர்லயே சுத்தமா "தெரியாது"ன்னு எழுதக்கூடிய இடம் இது ஒண்ணுதான். ஒரு சாயங்காலம் போதும்.

இப்ப வேலையை எப்படி வரிசைப்படுத்தறதுன்னு பார்ப்போம். உனக்கு அடுத்து நவம்பர் டிசம்பர்ல எழுதலாம், நடக்கற செம் பேப்பரும் கூடவே இருக்கு, அதனால வாரத்துக்கு ரெண்டு தடவை ஒன்றரை மணி நேரம் ஒதுக்கினா போதும், அதுக்கு மேல போட்டா அஞ்சாவது செம்ல புதுசா அரியர் விழும். முதல் ரெண்டு வாரம் புது பாடமே வேண்டாம். பழைய நோட்டோட பின்பக்கத்துல ஒரு தாள் ஒதுக்கி ஒவ்வொரு கேள்விக்கும் முதல் தப்பு வரி எது, நான் என்ன எழுதினேன், என்ன எழுதியிருக்கணும், இது மட்டும் எழுது. "கவனக்குறைவு"ன்னு மட்டும் எழுதாத, அது எதையும் சொல்லாத வார்த்தை. "மீட்டரை மில்லிமீட்டர் ஆக்கல"ன்னு எழுதினா அடுத்த சம்ல தேடிப் பிடிக்க முடியும். அப்புறம் பழைய செமஸ்டர் கேள்வித்தாள்லேருந்து அதே ரகத்துல வேற சம் எடுத்துப் போடு, விடைத்தாள்ல வந்த சம்மையே திரும்பத் திரும்பப் போட்டா விடை ஞாபகம் வந்துடும், பழக்கம் வராது. ஒரே தப்பு தொடர்ந்து மூணு சம்ல வரலன்னா தாள்ல அதை அடி. நாலாவதுல திரும்ப வந்தா அடிச்சதைத் திரும்ப எழுது, வெக்கப்பட ஒண்ணும் இல்ல.

மூணாவது வாரத்துலேருந்து வால்யூம் மாற்றம், மெக்காலே சோதனையில என்ன வந்துச்சோ அதுக்கு ஏத்த மாதிரி டிஃப்ளெக்ஷன், அப்புறம் டார்ஷன் சம்கள். கடைசி மூணு வாரம் முழு பேப்பர், மூணு மணி நேரம், ஃபோனை வேற ரூம்ல வச்சிட்டு. வீட்ல சத்தமா இருந்தா பக்கத்துல இருக்கற கிளை நூலகத்துக்குப் போ. ஒவ்வொரு பேப்பர்லயும் பார்ட் ஏ முடிஞ்ச நேரத்தை ஓரத்துல குறிச்சு வை. அது நாப்பதைத் தாண்டினா மார்க் எவ்வளவு வந்திருந்தாலும் அந்தப் பேப்பர் சரியா போகலன்னு எடுத்துக்கோ. வீட்ல நீயே திருத்தும்போது கை தாராளமாத்தான் இருக்கும், அதனால வீட்டுப் பேப்பர்ல 45 வந்தா திருப்திப்படாத, 60 வரட்டும்.

ரீவேல்யுவேஷன் கேட்டிருந்த. ஃபோட்டோகாப்பி வந்ததும் பாடம் எடுத்த சார்கிட்ட கொண்டு போகணும், அவர் ஒவ்வொரு கேள்விக்கும் மார்க் பிரிச்சுப் போட்டு சிபாரிசு பண்ணினாத்தான் அடுத்து அப்ளை பண்ண முடியும், கெடு தேதி ரொம்ப நெருக்கமா இருக்கும், காலேஜ் எக்ஸாம் செல்ல இன்னிக்கே கேளு. அதுக்கு முன்னாடி நீயே பார்க்க வேண்டியது ரெண்டு, மார்க் போடாம விட்ட பக்கம் ஏதாவது இருக்கா, கூட்டல் சரியா. உன் பேப்பர்ல ரெண்டும் சரியாத்தான் இருக்கு. நான் திருத்தியிருந்தா பன்னெண்டுல ஒண்ணு ரெண்டு கூட போட்டிருக்கலாம், மொத்தமா இழுத்துப் பிடிச்சாலும் 37, 38 தாண்டாது. 43, 44ல நிக்கறவனுக்கு ரீவேல்யுவேஷன் போடுன்னு சொல்வேன், 34க்கு அந்தக் காசை வேற எதுக்காவது வச்சுக்கோ. அப்படியே போட்டாலும் ரிசல்ட் வரட்டும் அப்புறம் படிக்கலாம்னு மட்டும் உக்காந்துடாத, அரியர் எக்ஸாம் ஃபார்ம் கட்டற தேதி அதுக்குள்ள போயிடும்.

ட்யூஷன் முழு பேப்பருக்கும் வேண்டாம். மெக்காலே சம் கருப்புப் பேனாவுலயும் நின்னுடுச்சுன்னா அந்த ஒரு யூனிட்டுக்கு மட்டும் எடுப்பாங்களான்னு கேளு, முடியாதுன்னா உங்க காலேஜ்லயே ஸ்ட்ரெந்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் எடுக்கற சார்கிட்ட பின்பக்கத் தாளைக் கொண்டு போய்க் காட்டு. சும்மா "புரியல சார்"னு போய் நிக்கற பையனுக்கு ஒதுக்கறதைவிட "இந்த வரியில நின்னுட்டேன் சார்"னு வர்றவனுக்கு எந்த வாத்தியாரும் கூட பத்து நிமிஷம் ஒதுக்குவார். சோதனை சம் போட்டதும் C2 என்ன வந்துச்சுன்னு எனக்கும் ஒரு வரி எழுது.